NDVI போடும் முன் அந்த ஆயிரத்தைக் கழித்தீர்களா?

செயற்கைக்கோள் படங்களில் பயிர் பார்க்கப் பழகுபவர்கள் சிலரோடு போன மாதம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரில் இரண்டு பேர் கோப்பைத் திறந்ததும் நேராக, பயிரின் பசுமையைக் காட்டும் NDVI கணக்குக்குப் போனார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பேண்டை மாற்றி எடுப்பது, மேகத்தை மறைக்காமல் விடுவது போன்றவை படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"NDVI விகிதம்தானே, ஸ்கேல் எதற்கு?"

கோப்பில் இருப்பது எதிரொளிப்பு அல்ல, அதைக் குறிக்கும் முழு எண். Sentinel-2 படத்தில் முன்பெல்லாம் 10000-ஆல் வகுத்தால் எதிரொளிப்பு கிடைத்துவிடும். அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பதுதான் NDVI. மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுபடுவதால் அதற்கு 10000-ஆல் வகுப்பதைக்கூடச் செய்யாமல் விடலாம். 2022 ஜனவரி 25 முதல் வந்த 04.00 செயலாக்கப் பதிப்பில் இது மாறியது. தண்ணீர், நிழல் போன்ற இருண்ட இடங்களில் வளிமண்டலத் திருத்தத்துக்குப் பிறகு எதிரொளிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். குறை எண்ணை அந்தக் கோப்பில் வைக்க முடியாது. அதனால் தரவு உள்ள எல்லா பிக்சலிலும் 1000 கூட்டி வைக்கிறார்கள், இதுதான் ஆஃப்செட். நாம்தான் அதைக் கழிக்க வேண்டும்.

எனக்கு அது தெரியாது. காவிரி டெல்டாவில் குறுவை நெல்லை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 2022 ஜனவரி கடைசியில் கோடு சட்டென்று இறங்கியது. அது சம்பா அறுவடைக் காலம், இறங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில்தான் குழப்பம் வந்தது. 2021-இல் 0.8 தொட்ட வயல்கள் 0.5-ஐத் தாண்டவில்லை. 2022-இல் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், வயலில் பயிரும் நன்றாக இருந்தது. இருந்தும் நான் என் வரைபடத்தை நம்பி, பயிர் பலவீனம் என்று அறிக்கை கொடுத்தேன். அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நல்ல பயிர் வைத்திருந்தவரைப் பற்றித் தவறாக எழுதியது இன்றும் உறுத்துகிறது.

ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். கோப்பில் சிவப்பு 1400, அண்மை அகச்சிவப்பு 4500. அப்படியே போட்டால் 3100 / 5900, அதாவது 0.53. ஆயிரத்தைக் கழித்தால் 400, 3500. இப்போது 3100 / 3900, அதாவது 0.79. மேலே உள்ள கழித்தலில் இரண்டு ஆயிரமும் அடிபட்டுப் போகின்றன, கீழே கூட்டலில் 2000 கூடுதலாக நிற்கிறது. கணினி பிழை எதுவும் காட்டாது. வயல் பச்சையாகவும் தரிசு வெளிறியும்தான் தெரியும், ஏனென்றால் எல்லாமே ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது ஒரு தென்னந்தோப்பு. ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் அந்தத் தோப்பும் அதே ஜனவரியில் அதே மாதிரி இறங்கியிருந்தது. தென்னைக்கு ஏது சம்பா அறுவடை? இப்போதெல்லாம் வயலுக்கு முன் ஒரு தோப்பின் கோட்டைப் பார்த்துவிடுகிறேன்.

Landsat Collection 2-இன் Level-2 படங்களிலும் இதே கதைதான். அங்கே 0.0000275-ஆல் பெருக்கி, பிறகு 0.2 கழிக்க வேண்டும். சிவப்பு 9000, அகச்சிவப்பு 20000 என்றால் எதிரொளிப்பு 0.0475, 0.35. NDVI 0.76. கழிக்காமல் போட்டால் 0.38, சரிபாதி.

தேதியைப் பார்த்து முடிவு செய்வது

பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறார்கள். 2019 படத்திலும் ஆயிரம் இருக்கலாம். கோப்பின் பெயரில் `N0301` போல 0400-க்குக் கீழே இருந்தால் கழிக்க வேண்டாம், `N0400` அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மெட்டாடேட்டாவில் `BOA_ADD_OFFSET` இருக்கிறதா என்று தேடுங்கள்.

முழு எண்ணிலேயே கழிப்பது

குளத்துத் தண்ணீரில் 900 இருக்கிறது என்றால், அதில் 1000 போனால் −100 வர வேண்டும். `uint16` வகையில் 65436 வரும். முதலில் தசம வகைக்கு மாற்றுங்கள். கூடவே, 0 என்றால் அங்கே தரவே இல்லை என்று பொருள். அதை விட்டுவிட்டுக் கழித்தால் இரண்டு பேண்டிலும் ஒரே குறை எண் வந்து, NDVI சரியாக 0 ஆகி, வெறும் மண் போலத் தெரியும்.

```python
red = red.astype("float32")
red[red == 0] = np.nan
red = (red - 1000) / 10000
```

Landsat-இல் QA_PIXEL-ஐயும் சேர்த்துப் பெருக்குவது

கூடாது. அது அளவு அல்ல, மேகம், நிழல் எங்கே என்று சொல்லும் குறியீடு.

EVI, SAVI

இவையும் NDVI போன்ற பசுமைக் கணக்குகள்தான், ஆனால் இவற்றில் 1, 0.5 என்று நிலையான எண்கள் உண்டு. ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவே அவை காணாமல் போகும். ஆகவே ஆஃப்செட் இல்லாத பழைய படத்திலும் 10000-ஆல் வகுத்தே ஆக வேண்டும்.

இரண்டு முறை கழிப்பது

Earth Engine-இல் `COPERNICUS/S2_SR_HARMONIZED` எடுத்தால் ஆயிரத்தை அவர்களே கழித்துவிட்டார்கள், 10000-ஆல் வகுப்பது மட்டும் உங்கள் வேலை. மறுபடி கழித்தால் அடர்ந்த பயிரில் சிவப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, NDVI 1-ஐத் தாண்டும். சிவப்பு 0.04, அகச்சிவப்பு 0.35 இருந்த அதே வயலில் 1.63 வரும்.