ஜிங்க் மாத்திரை: கரண்டியில் கரைத்து, கடைசித் துளி வரை கொடுப்பது எப்படி?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு ஜிங்க் மாத்திரை அட்டையும் தருவார்கள். ஓ.ஆர்.எஸ். கலக்கத் தெரிந்த வீடுகளில்கூட இந்த மாத்திரையைக் கொடுப்பதில் தடுமாற்றம் இருக்கிறது. சிலர் இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்குகிறார்கள். சிலர் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குகிறார்கள். இரண்டிலும் மருந்தில் ஒரு பங்கு குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை.

எத்தனை, எத்தனை நாள்

இரண்டு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம். அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஐந்து வயது வரை முழு மாத்திரை ஒன்று. நாளைக்கு ஒரே வேளை, பதினான்கு நாள். இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அட்டையில் 20 மில்லிகிராம் என்று இருக்கிறதா, ‘டிஸ்பர்சிபிள்’ என்று இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் தானாகவே உதிர்வதற்கென்று செய்த மாத்திரைக்குத்தான் இந்த முறை பொருந்தும். பளபளவென்று மேல்பூச்சு உள்ள மற்ற மாத்திரைகளை இப்படி ஊறவைக்கக் கூடாது.

தண்ணீரும் கரண்டியும்

கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்த தண்ணீர் வேண்டும். வயிறு ஏற்கெனவே கெட்டிருக்கும் குழந்தைக்குக் குடத்துத் தண்ணீரை அப்படியே எடுக்க வேண்டாம். சூடும் கூடாது, கை பொறுக்கும் சூடு குழந்தையின் நாக்குக்கு அதிகம்.

கரண்டி என்றால் தேக்கரண்டி, சுமார் 5 மில்லி பிடிப்பது. சோப்புப் போட்டுக் கழுவி, கையையும் கழுவிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலைக் கொஞ்சம் கரண்டியிலோ பாலாடையிலோ பீய்ச்சி, அதில் பாதி மாத்திரையைப் போடுங்கள். பெரிய குழந்தைக்கு ஒரு கரண்டி ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் போடலாம். ஆனால் ஒரு லிட்டர் கரைசல் முழுவதிலும் போட்டுவிடக் கூடாது. குழந்தை அன்றைக்கு எவ்வளவு கரைசல் குடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மீதியோடு மருந்தும் கீழே கொட்டப்படும். டம்ளர் தண்ணீர் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

கரைக்கும் விதம்

முதலில் கரண்டியில் முக்கால் அளவு தண்ணீரை விடுங்கள். பிறகு மாத்திரையை அட்டையிலிருந்து நேராக அதற்குள் தள்ளுங்கள். உள்ளங்கையில் எடுத்தால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உதிரும். பாதி மாத்திரை என்றால் நடுக்கோட்டில் உலர்ந்த கைகளால் உடையுங்கள்.

இனி எதுவும் செய்யாமல் காத்திருங்கள். விரலை விட வேண்டாம், நசுக்கவும் வேண்டாம். ஓரத்தில் சிறு குமிழிகள் எழும், மாத்திரையின் விளிம்பு உப்பி வரும், பிறகு பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீர் கலங்கும். 5 மில்லி தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குள் முழுக்க உதிர வேண்டும் என்பது இந்த மாத்திரைக்கு வைக்கப்பட்டிருக்கும் அளவுகோல். நடுவில் சின்னக் கட்டி தெரிந்தால் கரண்டியை லேசாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் போதும். வெகுநேரம் ஆகியும் கட்டியாகவே கிடந்தாலோ, அட்டையைப் பிரிக்கும்போதே மாத்திரை நமுத்துப்போயிருந்தாலோ அதைக் கொடுக்காமல் வேறு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் ‘கரைகிறது’ என்று சொன்னாலும் இது உப்புப் போல முழுதாகக் கரைந்து மறைவதில்லை. மாத்திரை பொடியாகிறது, அந்தப் பொடி தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அடியில் போய்ப் படிகிறது. எனவே உதிர்ந்தவுடன், படிவதற்கு முன், கொடுத்துவிட வேண்டும். காலையில் கலந்து வைத்துவிட்டு மதியம் கொடுப்பது வேண்டாம்.

வாயில் கொடுப்பது, பிறகு அலசுவது

குழந்தையை மடியில் தலை உயர்த்திச் சாய்த்து உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தோ, மூக்கைப் பிடித்தோ, வீறிட்டு அழும்போதோ ஊற்றினால் புரையேறும். கரண்டியைக் கீழுதட்டில் வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு மடக்கு விழுங்கிய பிறகு அடுத்தது.

கொடுத்து முடித்த கரண்டியை வெளிச்சத்தில் பாருங்கள். குழியின் அடியில் வெள்ளையாக ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். பலர் இதைக் கழுவித் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். அது குழந்தைக்குச் சேர வேண்டிய மருந்து. அதே கரண்டியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுழற்றி, பூச்சைக் கிளப்பி அதையும் கொடுங்கள். அப்புறமும் வெள்ளை தெரிந்தால் மறுபடி ஒரு முறை. உதட்டோரத்தில் வழிந்ததைத் துணியால் துடைக்காமல் கரண்டியின் விளிம்பால் வழித்து வாய்க்குள் விடுங்கள். பாலாடையில் கொடுத்தால் அதன் மூக்குப் பகுதியில்தான் பொடி தங்கும். அங்கே பாலைவிட்டு அலச வேண்டும். எனக்குத் தெரிந்து, மருந்து வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாந்தி எடுத்தால்

ஜிங்குக்கு ஓர் உலோகச் சுவை உண்டு. இனிப்புச் சேர்த்து மறைத்திருந்தாலும் சில குழந்தைகளுக்குக் குமட்டும். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், குழந்தை சற்று அமைதியானதும் இன்னொரு மாத்திரையை இதே போலக் கரைத்து ஒரு முறை கொடுங்கள். அதற்குப் பிறகு வாந்தி எடுத்தால் அன்றைக்கு மறுபடி வேண்டாம். வாந்தி அதிகமாக இருக்கும் வேளையில் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, வயிறு அடங்கிய பிறகு மாத்திரைக்கு வாருங்கள்.

நான்காம் நாள் பேதி நின்றுவிட்டால்

இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்றாம் தேதி மாத்திரை தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஆறாம் தேதி மலம் கெட்டிப்பட்டு, குழந்தை ஓடியாட ஆரம்பித்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அட்டை அன்றோடு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆனால் கடைசி மாத்திரை பதினாறாம் தேதிதான். பேதியில் உடல் இழந்த ஜிங்கை ஈடுகட்டவும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பேதி திரும்பிவராமல் தடுக்கவும்தான் மீதி நாட்கள். மாத்திரை கொடுத்தவுடன் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்துவிடுங்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்காமல் வழக்கம்போல ஒன்றையே கொடுத்துத் தொடருங்கள்.

ஜிங்க் நீரிழப்பைச் சரிசெய்யாது, அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் தாய்ப்பாலும் வேண்டும். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண்கள், குடிக்கக்கூட முடியாத சோர்வு, எதைக் கொடுத்தாலும் வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போகும் வழியிலும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்க முடிந்த அளவுக்கு வாயில் விட்டுக்கொண்டே இருங்கள்.