'கேஸ் போயிடுச்சு' என்று எழுதாதீர்கள்: சர்வீஸுக்குப் பதிவு போடும்போது செய்யும் தவறுகள்

பல வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. ஏசி குளிரவில்லை, கரையான் வந்துவிட்டது என்று குடியிருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, என்ன பிரச்சினை, எந்த நேரம் வசதி என்று எழுதி, ஒரு படமும் சேர்த்து சர்வீஸுக்குப் பதிவு போடுவது தினசரி வேலை. இப்போது அதைப் புதிதாக வந்த இரண்டு பேர் செய்கிறார்கள். போன வாரம் அவர்கள் போட்ட பதிவுகளைப் புரட்டினால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியவற்றையே படிப்பது போலிருந்தது. கதவு எண்ணை விட்டுவிடுவது, போன் நம்பரைத் தப்பாகப் போடுவதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

## நோயைச் சொல்லாமல் மருந்தைக் கேட்பது

"பெட்ரூம் ஏசி கூலிங் இல்லை. கேஸ் போயிடுச்சு. கேஸ் நிரப்பணும்."

நான் எழுதிய பதிவு இது. இப்போது பையன்களும் இதையேதான் எழுதுகிறார்கள். இதைப் படிக்கிற ஆள் என்ன செய்வார்? கேஸ் நிரப்பும் வேலை என்று குறித்துக்கொண்டு, சிலிண்டரோடு ஒருவரை அனுப்புவார். அன்றும் அப்படித்தான் அனுப்பினார்கள். வந்தவர் கேஜை மாட்டினார், அழுத்தம் குறைவாகக் காட்டியது, நிரப்பிவிட்டுப் போனார். கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் குளிர்ந்தது. பிறகு பழைய கதைதான், கூடவே அவுட்டோர் யூனிட் ஓடி ஓடி நிற்க ஆரம்பித்தது. இரண்டாவதாக வந்தவர் வயதானவர். கேஜைத் தொடவே இல்லை. இன்டோர் யூனிட்டின் மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினார். கம்பளித் துண்டு மாதிரி தூசி அப்பியிருந்தது. பின்னால், அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயில் முழுக்கப் பனி.

நடந்தது இதுதான். ஃபில்டர் அடைத்ததால் காயில் மேல் போதுமான காற்று போகவில்லை. காற்றிலிருந்து வெப்பம் வந்து சேராததால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, காற்றில் இருந்த ஈரம் அதன் மேல் பனியாக உறைந்தது. பனி மூடியதும் காற்று இன்னும் குறைந்தது. இந்த நிலையில் கேஜை வைத்தால், கேஸ் சரியாக இருந்தாலும் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். முதலில் வந்தவர் அந்த எண்ணை நம்பி நிரப்பிவிட்டார். பனி உருகிக் காற்று சீரானதும் உள்ளே இருந்தது தேவைக்கு மேற்பட்ட கேஸ். கம்ப்ரசர் திணறியதற்குக் காரணம் அதுதான். கடைசியில் ஃபில்டரையும் காயிலையும் கழுவி, கேஸை முழுவதும் வெளியே எடுத்து, குழாயில் மிஞ்சிய காற்றை வேக்கம் போட்டு உறிஞ்சி, யூனிட்டின் லேபிளில் உள்ள எடைப்படி மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. ஃபில்டரைக் கழுவினாலே முடிந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த வெயிலுக்கு மறுபடி அதே பதிவுதான்.

## அப்படியானால் என்ன எழுதுவது?

கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். அதே ஏசிக்கு இன்றைக்கு நான் பதிவு போட்டால் இப்படி இருக்கும்:

"பெட்ரூம் ஸ்பிளிட் ஏசி. போட்டதும் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது, பிறகு காற்று வரவரக் குறைகிறது. இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது. தடித்த காப்பர் பைப்பில் பனி, படம் இணைத்துள்ளேன். டிஸ்பிளேயில் எரர் எதுவும் இல்லை. ஃபில்டர் கழுவிப் பல மாதம் ஆகிறது."

முதலில் குளிர்ந்து பிறகு காற்று குறைவது என்ற ஒரு வரியிலேயே, பனி கட்டுகிறது என்று அனுபவமுள்ளவர் ஊகித்துவிடுவார். மாறாக, இன்டோரில் காற்று நன்றாக வருகிறது, ஆனால் அவுட்டோர் ஃபேன் சுற்றவில்லை என்று எழுதியிருந்தால், சிலிண்டரோடு வருவதற்குப் பதில், அந்த ஃபேனை ஓட வைக்கும் கெப்பாசிட்டரோடு வருவார். அவுட்டோர் அருகே மெல்லிய பைப்பில் மட்டும் பனி இருந்தால், கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கும். சந்தேகம்தான். முடிவு செய்வது வந்து பார்ப்பவரின் வேலை.

## பனியோடு ஆளை வரவழைப்பது

நேரம் குறிப்பதிலும் இந்தப் பனி குறுக்கே வரும். உறைந்த ஏசியில் ஒழுங்காக அளக்க முடியாது. வந்தவர் உருகும்வரை காத்திருப்பார், அல்லது நாளை வருகிறேன் என்று போய்விடுவார். ஆகவே முதலில் பனியைப் படம் எடுங்கள், பிறகு கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் மட்டும் ஓட விடுங்கள், மறுநாள் காலை நேரத்தைக் கேளுங்கள். "இரவு முழுக்க உருகவிட்டோம், படம் நேற்று எடுத்தது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தண்ணீர் ஒழுகல் மட்டும்தான் பிரச்சினை, பனி இல்லை என்றால் இதற்கு நேர்மாறு. அவர் வரும்போது ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியாது.

## "எந்த நேரமும் ஓகே"

அப்படி எழுதினால் எந்த நேரமும் வரமாட்டார்கள். வேறு வேறு நாளில் இரண்டு நேரம் கொடுங்கள்.

## ரிமோட்டைப் படம் எடுப்பது

வேண்டாம். யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை எடுங்கள். மாடல் எண்ணும், ஆர் 22, ஆர் 32, ஆர் 410ஏ இவற்றில் எந்த கேஸ் என்பதும் அதில்தான் இருக்கும். ஒன்றுக்கானதை இன்னொன்றில் நிரப்ப முடியாது. இரண்டாவது படம் அவுட்டோர் மாட்டியிருக்கும் இடம், கொஞ்சம் தள்ளி நின்று. வெளிச்சுவரில் தொங்குகிறதா, பால்கனியில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஏணியும் இன்னொரு ஆளும் வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள்.

## பூச்சி விஷயத்தில் சுத்தம் செய்துவிட்டுக் கூப்பிடுவது

கதவு நிலையில் கரையான் மண்கோடு ஓடியிருந்தது. வருகிறவர் என்ன நினைப்பாரோ என்று சுரண்டித் துடைத்துவிட்டுப் பதிவு போட்டேன். வந்தவர் நிலையைத் தட்டிப் பார்த்து, "எங்கே சார் கரையான்?" என்றார். கோடு எங்கே தொடங்கி எங்கே போனது என்பதைத்தான் அவர் தேடி வந்திருந்தார். அதைத் துடைத்த துணி குப்பையில் கிடந்தது.

கோட்டைத் தொடாமல் கிட்டத்தில் ஒரு படம், அறை தெரிகிற மாதிரி இன்னொன்று. இறக்கை உள்ள பூச்சி கிடைத்தால் ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். நான்கு இறக்கையும் ஒரே நீளமாக இருந்து இடுப்பு ஒடுங்காமல் இருந்தால் கரையான். முன் இறக்கை பெரிதாகவும் இடுப்பு மெலிந்தும் இருந்தால் எறும்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கரப்பானுக்கு இன்னொரு கூத்து. வருவதற்கு முதல் நாள் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்துத் தீர்ப்பது. ஜெல் வைக்க வருபவருக்கு அது பாதி வேலையைக் கெடுத்துவிடும். ஸ்பிரே வாடை உள்ள இடத்தில் கரப்பான் ஜெல்லைத் தின்ன வராது. அடித்தே ஆகிவிட்டது என்றால் எங்கே, எப்போது அடித்தீர்கள் என்று பதிவில் எழுதுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ, ஆஸ்துமா உள்ளவரோ, மீன் தொட்டியோ இருந்தால் அதையும் அதே பதிவில் எழுதிவிடுங்கள். வந்தவர் மருந்தைக் கலக்கி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.