மாரி கழிந்த பிறகு ஊழியரோடு ஐந்து நிமிடம் பேசுவது எப்படி?

திருகோணமலையில் கடை வைத்திருப்பவருக்கு ஐப்பசியிலிருந்து தை வரை கணக்குக் கொப்பியைத் திறக்கவே மனம் வராது. மழை பிடித்தால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத்துக் குறையும். கடல் கொந்தளிப்பதால் படகுகளும் கரையேறிவிடும். கடற்றொழில் வீடுகளில் கையில் காசு இராது. என்னுடையது மத்திய வீதிப் பக்கம் சின்னப் புடவைக்கடை. ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்.

முதல் தடவை நான் பேசியது படுதோல்வி. “இனி எல்லாரும் இன்னும் உசாரா வேலை செய்யோணும்” என்றேன். தலையாட்டினார்கள். பின்னறையில் ஒரு பொடியன் காசாளரிடம் கேட்டது என் காதில் விழுந்தது: “அப்ப அந்த அலவன்ஸ் தருவாரா, மாட்டாரா?” மழைக்கு வியாபாரம் விழுந்ததை அவர்களுடைய பிழைபோல நான் பேசியிருக்கிறேன், கேட்க வேண்டிய கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை.

முதலில் கணக்கு. மழை மாதங்களை ஆவணி விற்பனையோடு ஒப்பிடாதீர்கள், கடை மூழ்கியதுபோலத் தெரியும். போன வருடத்து அதே மூன்று மாதங்களோடு ஒப்பிடுங்கள். எனக்கு இந்த முறை கார்த்திகை, மார்கழி, தை மூன்றிலும் சேர்த்து 13 லட்சம். போன வருடம் 18. எது விழுந்தது என்றும் பாருங்கள். கடற்கரை உடுப்பும் சரமும் பாதியாகியிருந்தன. பொங்கல் வேட்டி, சேலை விற்பனை குறையவில்லை. பேச்சில் இந்த இரண்டு வரிக்கு மேல் இலக்கம் வேண்டாம்.

பிறகு காசுக்குப் பதில். இது முடிவாகாமல் பேச நிற்காதீர்கள். நான் மார்கழி, தை அலவன்ஸில் பாதியை நிறுத்தி வைத்திருந்தேன். எந்தத் திகதியில், எத்தனை தவணையில் கொடுப்பேன் என்று எழுதிக்கொண்டேன். ஊழியர் சேமலாப நிதிக் காசு, அதாவது அவர்களிடம் கழிக்கும் 8 வீதமும் நாங்கள் போடும் 12 வீதமும், கட்டிய பற்றுச்சீட்டுகளையும் எடுத்து வைத்தேன். கடை இறங்கும்போது ஊழியர் வாய்விட்டுக் கேட்காத பயம் அதுதான். கொடுக்க முடியாது என்றால் முடியாது என்றே சொல்லலாம். “பாப்பம்” என்று மட்டும் சொல்லக்கூடாது.

ஆளுக்கொரு செயல். “நல்லா உழைச்சீங்கள்” என்பது யாருக்கும் ஒட்டாது. அந்த மூன்று மாதத்தில் ஒவ்வொருவரும் செய்த ஒரு வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எதுவும் நினைவு வராவிட்டால் நீங்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம், காசாளரிடம் கேளுங்கள்.

நேரம். காலை எட்டே முக்கால், கதவு திறக்குமுன். மாலையில் வேண்டாம், மூதூர் பஸ்ஸைப் பிடிக்க நிற்பவருக்கு உங்கள் பேச்சு ஏறாது. நோன்பு மாதமென்றால் தேத்தண்ணி, வடை வைக்கவேண்டாம். எங்கள் கடையில் இரண்டு பேர் நோன்பு பிடிப்பவர்கள்.

நான் பேசியது இவ்வளவுதான்:

“போன வருசம் இந்த மூண்டு மாசத்திலயும் 18 லட்சம் வித்தம், இந்த முறை 13. மழையும் கடலும் செய்த வேலை, நீங்கள் செய்ததில்ல. நிப்பாட்டி வச்ச அலவன்ஸில பாதி சித்திரை 10ஆம் திகதி, மிச்சம் வைகாசி 10ஆம் திகதி சம்பளத்தோட வரும். சேமலாப நிதி கட்டின துண்டு மேசையில கிடக்கு, பாருங்கோ. அண்ணை, கூரை ஒழுகின அண்டு ராவோட ராவா நீங்கள் துணிக்கட்டெல்லாம் மேல ஏத்தாட்டி எனக்குப் பெரிய நட்டம். தங்கச்சி, கடன்கொப்பியில நிண்ட பழைய பாக்கியில 40 ஆயிரத்த ஒருத்தரோடயும் முகம் கோணாம வாங்கித் தந்தீங்கள். இனி பெருநாளும் சித்திரை வருசமும் வருது. முன் கண்ணாடியில என்ன போடலாம் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்.”

மற்ற மூவருக்கும் அதேமாதிரி ஒவ்வொரு வரி. மொத்தம் நாலு நிமிடம் பிடித்தது.

கேள்விக்குப் பிறகு வாயை மூடுங்கள். இதுதான் கஷ்டமான படி. அரை நிமிட அமைதியைத் தாங்க முடியாமல் முதலாளியே யோசனை சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் பேசமாட்டார்கள். எல்லாரும் நிலத்தைப் பார்த்து “ஓம் முதலாளி” என்றால் பேச்சு சேரவில்லை. யாராவது மறுத்துப் பேசினால் சேர்ந்திருக்கிறது.

அன்று மறுத்தவள் வேலைக்கு வந்து ஆறு மாதமான பிள்ளை. “கண்ணாடியில சேலை போட்டு என்ன, அண்ணா? வாற ஆக்கள் சின்னப்பிள்ளை உடுப்பைத்தான் முதல்ல கேக்கினம், அது உள்ள கடைசித் தட்டில கிடக்கு.” அண்ணை ஏணியை எடுக்கப் போய்விட்டார். கதவு திறக்கப் பத்து நிமிடம் பிந்தியது.