கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறதா? நியூட்ரலை மெக்கர் வைத்துப் பாருங்கள்

ஐடிஐ முடித்து வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வீட்டில் கீசர் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது. கீசரைக் கழற்றித் தனியாகச் சோதித்தால் அதில் பழுதில்லை. எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தும் எந்த லைனில் கோளாறு என்று பிடிபடவில்லை. இந்த இடத்தில் பலர் ஆர்சிசிபியையே மாற்றிவிடுகிறார்கள். மாற்றியதும் அப்படியே விழுகிறது. காரணம் பெரும்பாலும் வேறொரு லைனின் நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான். அதை மெக்கர் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம்.

எம்சிபியை அணைத்தால் ஏன் தெரியவில்லை? நம் வீடுகளின் டிபி பாக்ஸில் இருக்கும் எம்சிபி பெரும்பாலும் ஒற்றை போல். அது ஃபேஸை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் நியூட்ரல் லிங்கில் ஒன்றாக முறுக்கப்பட்டே இருக்கும். அதனால் பழுதான லைனின் எம்சிபியை அணைத்தாலும், அந்த நியூட்ரல் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். கீசர் போன்ற பெரிய லோடு ஓடும்போது சர்வீஸ் ஒயரில் நியூட்ரலின் வோல்டேஜ் ஒன்றிரண்டு வோல்ட் ஏறும். அப்போது எர்த்துக்குக் கசிவது 30 மில்லிஆம்பியர் அளவைத் தொட, ஆர்சிசிபி விழும். பழி கீசர்மேல் விழும்.

தொடங்கும் முன்

மெயின் சுவிட்சை அணையுங்கள். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சாக இருக்க வேண்டும். நியூட்ரல் துண்டிக்கப்படாவிட்டால் மீட்டர் பக்கத்து நியூட்ரலும் சேர்ந்துகொள்ளும். அது டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யப்பட்டிருப்பதால், வீட்டு வயரிங் நன்றாக இருந்தாலும் மெக்கர் பூஜ்யம் காட்டும். மீட்டரையும் அதன் சீலையும் தொடவே கூடாது. நம் வேலை மெயின் சுவிட்சுக்கு அப்புறம்தான்.

இன்வெர்ட்டரை மறந்துவிடாதீர்கள். மெயினை அணைத்ததுமே அது விளக்கு, ஃபேன் லைன்களுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அதை அணைத்து, அதன் அவுட்புட் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மாடியில் சோலார் இருந்தால் அதையும் துண்டிக்க வேண்டும். பிறகு டெஸ்ட் லேம்பை முதலில் சப்ளை உள்ள இடத்தில் எரியவைத்துப் பாருங்கள், அப்புறம் டிபியில் வையுங்கள், மறுபடி சப்ளை உள்ள இடத்தில் வையுங்கள். மூன்றாவது தடவையும் எரிந்தால்தான் நடுவில் எரியாததை நம்பலாம்.

எல்லா பிளக்கையும் உருவிவிடுங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்த மோட்டார், ஏசி போன்றவற்றின் ஒயரையும் கழற்றுங்கள். சர்ஜ் புரொடெக்டர், ஸ்மார்ட் சுவிட்ச் போன்ற எலக்ட்ரானிக் பொருள்கள் லைனில் இருந்தால் அவற்றையும் பிரியுங்கள். விளக்கு, ஃபேன் சுவிட்சுகளை எல்லாம் ஆன் நிலையில் வையுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் அதற்கு அப்பால் விளக்குக்குப் போகும் ஒயர் சோதனைக்குள் வராது.

மெக்கரைச் சரிபார்த்தல்

230 வோல்ட் வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டிசி ரேஞ்ச்தான். மல்டிமீட்டர் இதற்குப் போதாது. அதில் வருவது சில வோல்ட்தான், அதற்கு அசையாத ஈரக்கசிவு 500 வோல்ட்டில் தெரிந்துவிடும். லீடு இரண்டையும் தொடாமல் வைத்து அழுத்தினால் ரேஞ்சின் உச்சத்தைக் காட்ட வேண்டும். முனைகளைச் சேர்த்து வைத்து அழுத்தினால் பூஜ்யம். இந்த இரண்டும் சரியாக வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். கையால் சுற்றும் மெக்கர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 160 சுற்று என்ற சீரான வேகம் வேண்டும். சுற்றாமல் இருக்கும்போது அதன் முள் எங்கே நின்றாலும் அதற்குப் பொருள் கிடையாது.

சோதிக்கும்போது வீட்டில் யாரும் சுவிட்ச் போர்டிலோ திறந்த ஒயரிலோ கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஒயரில் சார்ஜ் தங்கும். டிஜிட்டல் மெக்கர் தானே அதை வடித்துவிடும். டிஸ்பிளேயில் வோல்டேஜ் இறங்கும்வரை லீடை எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். பிளக் பாயிண்டின் எர்த் துளைக்கும் டிபியின் எர்த் பாருக்கும் இடையில் மல்டிமீட்டரில் கன்டின்யுட்டி இருக்கிறதா? எர்த் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், அதற்கு அப்பால் பழுது இருந்தாலும் மெக்கர் அருமையான ரீடிங் காட்டும்.

சோதனை

முதலில் மொத்தமாக. ஆர்சிசிபியின் அவுட்புட் பக்கத்து ஃபேஸ், நியூட்ரல் ஒயர்களைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மெக்கரின் ஒரு கிளிப்பில் மாட்டுங்கள். ஆர்சிசிபிக்குள் எலக்ட்ரானிக்ஸ் இருக்கலாம், அதன் வழியாக 500 வோல்ட் போக வேண்டாம். மற்ற கிளிப் எர்த் பாரில். எம்சிபி எல்லாம் ஆன். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 732 சொல்லும் குறைந்த அளவு 1 மெகாஓம்.

ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுவிட்ச் போர்டில் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நிரந்தரமாக இணைந்திருக்கும். ஃபேஸை மட்டும் தனியாக எர்த்துக்குச் சோதித்தால், நியூட்ரலில் உள்ள பழுது இண்டிகேட்டர் வழியாக ஃபேஸிலும் தெரிந்து நம்மைக் குழப்பும். இரண்டையும் சேர்த்துவிட்டால் அந்தப் பாதைக்கு வேலையில்லை.

ரீடிங் குறைவாக வந்தால் லைன் லைனாகப் பிரிக்க வேண்டும். எம்சிபிகளை அணைத்து, நியூட்ரல் லிங்கிலிருந்து எல்லா ஒயர்களையும் வெளியே எடுங்கள். எது எந்த எம்சிபிக்கு உரியது என்று டேப் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் அடையாளம் இருக்காது. அப்போது அந்த லைனின் ஒரு ஹோல்டரில் பழைய குண்டு பல்பைப் போட்டு, எம்சிபி அவுட்புட்டுக்கும் எந்த நியூட்ரலுக்கும் கன்டின்யுட்டி வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்தால் ஜோடி தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு லைனிலும் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்குச் சோதியுங்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

ஆறு எம்சிபி உள்ள ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். புகார் மேலே சொன்னதுதான், கீசர் போட்டால் விழுகிறது. மொத்தச் சோதனையில் வந்தது 0.00 மெகாஓம். நியூட்ரல்களைப் பிரித்து லைன் லைனாகப் பார்த்தால், கீழ்த்தள விளக்கு 150, பிளக் 90, கீசர் 110, வெளிவிளக்கு 120, மோட்டார் 1.4, மேல்தள விளக்கு 0.00.

இதில் கவனிக்க வேண்டியது, மொத்த ரீடிங் என்பது எப்போதும் மிக மோசமான லைனைவிடவும் கீழே இருக்கும். லைன்கள் எல்லாம் பேரலலாக இருப்பதால், ஐந்து லைன் அருமையாக இருந்தாலும் ஒன்று கெட்டால் மொத்தமும் அதன் பின்னால் போய்விடும்.

மேல்தள விளக்கு, ஃபேன் சுவிட்சுகளை இப்போது அணைத்துவிட்டு ஃபேஸையும் நியூட்ரலையும் தனித்தனியாகச் சோதித்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 0.2 மெகாஓம் போல வருகிறது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 0.00. அந்த 0.2 ஃபேஸின் குறையல்ல, இண்டிகேட்டர் வழியாக நியூட்ரலின் பழுது தெரிகிறது. மெக்கரில் 0.00 என்றால் அதற்குள் 1 ஓமும் இருக்கலாம், ஆயிரக்கணக்கான ஓமும் இருக்கலாம். அதனால் அதே இடத்தில் மல்டிமீட்டரை வைக்கிறோம். 50 ஓம் காட்டுகிறது. நியூட்ரலில் 2 வோல்ட் ஏறினால் 2/50, அதாவது 40 மில்லிஆம்பியர். கீசர் ஓடும்போது மட்டும் விழுவதற்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது. ஃபேஸ் பக்கம் கசிந்தால் சில ஆயிரம் ஓமிலேயே ஆர்சிசிபி விழுந்துவிடும். நியூட்ரல் பக்கம் இவ்வளவு தாழ்ந்த பிறகுதான் விழும், அதுவும் லோடைப் பொறுத்து. தெருவில் லோடு ஏறும் மாலை நேரங்களில் காரணமே தெரியாமல் விழுவதும் இதனால்தான்.

இனி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நியூட்ரல் போர்டு போர்டாக லூப் ஆகிப் போகிறது. நடு போர்டைத் திறந்து அங்கே நியூட்ரலைப் பிரித்துவிட்டு இரண்டு பக்கமும் சோதித்தால், டிபி பக்கம் 200க்கு மேல், பால்கனிப் பக்கம் 0.00. பால்கனி போர்டைத் திறந்தால், இரும்புப் பெட்டியின் ஓரத்துக்கும் மூடியின் திருகுக்கும் நடுவே நியூட்ரல் ஒயர் நசுங்கி, தோல் உரிந்து துருப்பிடித்த இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. துரு நடுவில் இருப்பதால்தான் முழு ஷார்ட் ஆகாமல் 50 ஓம். நசுங்கிய பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் டெர்மினேட் செய்யுங்கள். நீளம் போதாவிட்டால் அந்தத் துண்டுக்குப் புது ஒயர் இழுங்கள். உரிந்த இடத்தில் டேப் சுற்றி அதே இடத்தில் திணிப்பதை நான் ஏற்கமாட்டேன், அடுத்த முறை மூடி மாட்டும்போது திரும்பவும் நசுங்கும்.

மறுபடி சோதித்தால் மேல்தளம் 140. மொத்தம் 1.3 மெகாஓம், அந்தத் தாழ்வு மோட்டார் லைனால் வருவது.

அந்த 1.4 பற்றி

விதிப்படி மோட்டார் லைன் பாஸ். ஆனால் மற்ற லைன்கள் எல்லாம் 90க்குக் குறையாமல் இருக்கும்போது ஒன்று மட்டும் 1.4 என்றால் அங்கே ஈரமோ கெட்டுப்போன இன்சுலேஷனோ இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ரீடிங் நகரும் விதத்தையும் பாருங்கள். அழுத்தியதும் கீழே தொடங்கி மெல்ல ஏறி நின்றால் அது ஒயர் சார்ஜ் ஆவது, இயல்பு. ஒரே தாழ்ந்த எண்ணில் அசையாமல் நின்றால் ஈரமாக இருக்கலாம். எண் துள்ளிக் குதித்தால் எங்கோ ஸ்பார்க் ஆகிறது, அல்லது கிளிப் லூஸ். மோட்டார் ஒயர் போகும் குழியில் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, காயவிட்டு, மறுபடி எடுங்கள். எண் ஏறினால் பாக்ஸை மேலே உயர்த்தி மாட்டினால் தீரும். ஏறாவிட்டால் ஒயரை மாற்ற வேண்டியதுதான்.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான சோதனையைக் கடைசியில் வையுங்கள். எல்லா விளக்கையும், ஃபேன் இணைப்பையும் கழற்றியிருக்க வேண்டும். எல்இடி பல்பின் டிரைவர் 500 வோல்ட் டிசியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. இண்டிகேட்டர்களின் ஒயரை விடுவிக்காவிட்டால் 0.2 அல்லது அதற்கும் கீழேதான் வரும். அதைப் பார்த்துச் சுவரை உடைக்கத் தொடங்கியவர்கள் உண்டு.

முடிந்ததும் நியூட்ரல்களை லிங்கில் ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துப் பாருங்கள், லூஸ் நியூட்ரல் வேறொரு பெரிய கோளாறு. ஆர்சிசிபி ஒயர்களையும் இன்வெர்ட்டரையும் பழையபடி இணைத்து, சப்ளை கொடுத்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். ஆறு ரீடிங்கையும் தேதியோடு, அன்று மழையா வெயிலா என்பதையும் சேர்த்து, டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.