குப்பையைச் சரியாக எடை போட்டுவிட்டு, செய்திக்குறிப்பில் கோட்டை விடுவது

குப்பைக் கணக்கெடுப்பு என்று கல்லூரி மாணவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு மூன்று நாள் வளாகத்துக் குப்பையைக் கிளறிப் பிரித்து எடை போடுகிறார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறார்கள். பிறகு அரை மணி நேரத்தில் ஒரு செய்திக்குறிப்பு எழுதி, நெல்லை நிருபர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். கெடுவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

தேதி விடுபடுவது, தொடர்பு எண் இல்லாதது, முதல்வர் பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே பேசவில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தாமாகச் சரியாகிவிடும். ஆண்டுதோறும் புதிய குழு வந்து அதே இடத்தில் விழும் தவறுகள் வேறு.

365-ஆல் பெருக்குவது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி வருகிறது.

ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லாரும் சேர்த்து 2,400 பேர். விடுதியில் 420 பேர். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எடை போட்டதில் 162, 177, 201 கிலோ வந்தது. மொத்தம் 540 கிலோ. சராசரி நாளுக்கு 180. இதுவரை ஒரு குறையும் இல்லை.

அடுத்து யாரோ ஒருவர் கைப்பேசியில் 180-ஐ 365-ஆல் பெருக்குகிறார். 65,700 வருகிறது. “எங்கள் கல்லூரி ஆண்டுக்கு 65.7 டன் குப்பையை உருவாக்குகிறது” என்பது தலைப்பாகிவிடுகிறது. டன் என்றதும் எழுதியவருக்கே ஒரு நிறைவு. நிருபருக்கும் வேலை மிச்சம், அப்படியே போட்டுவிடுவார்.

அந்த எண் ஒரு நாள்கூடத் தாங்காது. கல்லூரி 365 நாளும் நடப்பதில்லை. வகுப்பு நடக்கும் நாட்கள் 180 என்று வைப்போம். வகுப்பில்லாமல் விடுதி மட்டும் இயங்கும் ஞாயிறு, விடுமுறை, தேர்வுக்கால நாட்கள் 90. மீதி 95 நாள் கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி என்று வளாகமே காலி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று உள்ளூர் விடுமுறை விட்டால் அதுவும் வகுப்பில்லாத நாள் கணக்கில்தான் சேரும். விடுதி மெஸ் மேற்பார்வையாளர் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்கப்போகும் கேள்வி இப்போதே தெரியும்: “ஏ தம்பி, மே மாசம் முழுக்க அடுப்பே பத்த வைக்கல. அதுக்கும் சேத்துக் கணக்குப் போட்டா எப்பிடி?” அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, நீங்கள் ஒழுங்காக எடை போட்ட மூன்று நாளையும் யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்த முறை மெஸ் கதவையும் திறக்க மாட்டார்கள்.

சரியாகப் போட்டால் என்ன வரும்? வகுப்பு நாட்களுக்கு 180 × 180, அதாவது 32.4 டன். விடுதி மட்டும் இயங்கும் நாளில் 70 கிலோ விழுந்தால் 90 நாளுக்கு 6.3 டன். மொத்தம் 38.7 டன். செய்தியில் போன 65.7 டன்னில் இது சுமார் 59 சதவீதம்தான். ஆனால் அந்த 70 கிலோ எங்கிருந்து வந்தது? யாரும் ஞாயிற்றுக்கிழமை எடை போடவில்லை. அது வெறும் ஊகம்.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்று பாருங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் நிறுவனம் ‘பெருமளவு கழிவு உருவாக்குவோர்’ என்ற வகைக்குள் வருகிறது. இடத்திலேயே பிரிப்பது, மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குவது போன்ற கடமைகளை அந்த விதிகள் பெரிய வளாகங்களின் தலையில் வைக்கின்றன. மேலே கிடைத்த 38.7 டன்னை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 106 கிலோ. வரம்பைத் தாண்டிவிட்டது. விடுதி நாளின் எடை 70-க்குப் பதில் 40 கிலோ என்றால் ஆண்டுக்கு 36 டன், நாளுக்கு 98.6 கிலோ. வரம்புக்குள் வந்துவிட்டது. கல்லூரி எந்த வகையில் சேரும் என்பதே நீங்கள் எடை போடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்குகிறது. 365-ஆல் பெருக்கியவர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார். அவருடைய கணக்கில் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

ஆகவே இரண்டு வழிதான். ஒன்று, கணக்கெடுப்பிலேயே ஒரு ஞாயிறைச் சேர்த்துவிடுங்கள். நான்கு பேரும் ஒரு தராசும் போதும், காலை ஒரு மணி நேர வேலை. இல்லாவிட்டால் ஆண்டுக் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். அளந்ததை மட்டும் இப்படி எழுதுங்கள்:

“வகுப்பு நடைபெற்ற மூன்று நாட்களில் எடை போட்டதில், வளாகத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 180 கிலோ குப்பை சேர்ந்தது. குறைந்த அளவு 162 கிலோ, அதிக அளவு 201 கிலோ. விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை.”

டன் இல்லாததால் செய்தி மெலிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தலைக்கு 75 கிராம் என்று ஒரு வரி சேர்த்தால் வாசிப்பவருக்குப் பிடிபடும். குறைந்த, அதிக எண்களைக் கொடுப்பதில் வேறொரு லாபமும் இருக்கிறது. மாநகராட்சி சுகாதார அலுவலர் ஒருநாள் வந்து எடை போட்டு 170 என்றாலும் உங்கள் செய்தி பொய்யாகாது.

நாளுக்கு 180 என்று அச்சாகும்போதே அது 100 கிலோ வரம்பை நினைவூட்டும் எண் என்பதையும் மறக்க வேண்டாம். செய்தி போவதற்கு முந்தைய நாளாவது நிர்வாகம் அதைப் பார்த்திருக்க வேண்டும். அனுமதி கேட்பதற்காகச் சொல்லவில்லை. நிருபர் முதல்வரை அழைக்கும்போது அவர் “எனக்குத் தெரியாது” என்று சொன்னால், மறுநாள் அதுதான் செய்தியாகும்.

தோலையும் மிச்சச் சோற்றையும் ஒரே எண்ணில் போடுவது

“விடுதியில் நாளுக்கு 84 கிலோ உணவு வீண்.” நம் கற்பனைக் கல்லூரியில் மெஸ் வாளிகளில் சேர்ந்தது 84 கிலோதான், எண்ணில் பிழையில்லை. ஆனால் அதில் 30 கிலோ வாழைக்காய்த் தோல், முருங்கைக்கீரைக் காம்பு, தேங்காய் நார், தேயிலைச் சக்கை. சமையல் நடந்தால் அவை வந்தே தீரும். தட்டில் மிஞ்சியது 54 கிலோ. 420 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 130 கிராம். மாணவர்களால் குறைக்க முடிந்தது இந்த 54 கிலோவைத்தான்.

இதைப் பிரிக்க வேண்டிய இடம் செய்திக்குறிப்பு அல்ல, மெஸ்தான். சமையல்கட்டு வாசலில் ஒரு வாளி, கை கழுவும் இடத்தில் ஒரு வாளி, இரண்டிலும் வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் அடையாளம். கை கழுவும் இடத்து வாளியில் சாம்பாரும் ரசமும் தேங்கி எடையை ஏற்றிவிடும் என்பதால், எடை போடுமுன் சல்லடையில் பத்து நிமிடம் வடிய விட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் குறிப்பில் “நீர் வடித்த பின் எடை” என்று நான்கு சொல் சேருங்கள். இலை போட்டுச் சாப்பாடு நடந்த நாள் இடையில் வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வாழை இலையின் எடை சோற்றின் கணக்கில் ஏறியிருக்கும்.

பேப்பர் கப்பை நல்லவனாகக் காட்டுவது

“பிளாஸ்டிக் குறைவு, பெரும்பாலும் பேப்பர் கப்தான்” என்று எழுதிப் பெருமைப்படுகிறார்கள். டீக்கடை பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகள், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் இருப்பவை. பெருமையாக எழுதிய வரியே கேன்டீன் மீது புகாராகிவிடுகிறது. எழுதியவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

கப்புகளுக்கு எடையும் ஏமாற்றும். ஒரு கப் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும், ஆயிரம் கப் சேர்ந்தாலும் கிலோக் கணக்கில் அற்பம். எனவே கப்பை எண்ணிச் சொல்லுங்கள், சோற்றை எடை போட்டுச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் அடைக்காதீர்கள். கப் எங்கே கிடந்தது என்று எழுதலாம். யார் விற்றது என்று எழுத வேண்டாம், வெளிக் கடையிலிருந்து கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருபவர்களும் உண்டு.

‘மருத்துவக் கழிவு’ என்ற சொல்

மகளிர் விடுதியில் சேர்ந்த நாப்கின்களை, ஒட்டுப் பிளாஸ்திரியை, காலி மாத்திரை அட்டையை இந்தத் தலைப்பில் போடுகிறார்கள். வேறு ஊரில் இது சிறு பிழையாகப் போகலாம், திருநெல்வேலியில் அப்படிப் போகாது. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டப்பட்டதும், பசுமைத் தீர்ப்பாய உத்தரவுக்குப் பின் லாரிகளில் திரும்ப அள்ளிச் செல்லப்பட்டதும் இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. உங்கள் குறிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்த நிருபர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு “கல்லூரி வளாகத்தில் மருத்துவக் கழிவு” என்று போடுவார்.

நாப்கின்களுக்கு ‘சுகாதாரக் கழிவு’ என்று தனி வரி கொடுங்கள். வளாக மருந்தகத்தில் ஊசி போடுகிறார்கள் என்றால் ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு எல்லாம் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின் கீழ் வேறு வழியில் போக வேண்டியவை. அவற்றை மாணவர்கள் தொடவே கூடாது. பொதுக் குப்பையில் ஒரு ஊசி கண்ணில் பட்டால் பிரிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். செய்திக்குறிப்பு அதற்கான இடம் அல்ல.

‘அதிர்ச்சித் தகவல்’

வேண்டாம்.

மழை நாள்

ஐப்பசி, கார்த்திகையில் மூடியில்லாத தொட்டியை எடை போட்டிருந்தால், மழை பெய்தது என்று எழுதுங்கள்.

ஸ்கேன் செய்த லெட்டர்பேடு

கையெழுத்தும் முத்திரையும் போட்டு, படமாக அனுப்புகிறார்கள். நிருபர் அதிலிருந்து ஒரு எழுத்தைக்கூடப் பிரதி எடுக்க முடியாது. அவர் கைப்பேசியில் மறுபடி தட்டும்போது 54 என்பது 45 ஆகிவிடும். யூனிகோடில் தட்டச்சு செய்து செய்தியாகவே அனுப்புங்கள், லெட்டர்பேடைக் கூடவே இணைத்துக்கொள்ளலாம். புகைப்படத்தில் தூய்மைப் பணியாளர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தவறாக அச்சான பிறகு

மாணவர்கள் குழுவுக்குள் புலம்பிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அன்றே காலை பத்து மணிக்குள் அதே நிருபருக்கு இரண்டு வரி போதும்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், அச்சான எண், சரியான எண். விளக்கம் தேவையில்லை. பிழை உங்கள் குறிப்பில்தான் இருந்தது என்றால் அதையும் அந்த இரண்டு வரிக்குள்ளேயே சொல்லி, எண் திருத்திய குறிப்பை நிர்வாகத்துக்கும் மெஸ்ஸுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.