வேலை மாறியதை வாடிக்கையாளர்களிடம் சொல்வது எப்படி?

சித்தூர், பங்காருபாளையம் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு, கூழைக் கிருமி படாமல் அடைக்கும் அசெப்டிக் பையும் டிரம்மும் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு காட்பாடியில். ஏப்ரல் 30-ஆம் தேதியோடு பழைய கம்பெனியை விட்டு, அதே சரக்கை விற்கும் இன்னொரு கம்பெனிக்குப் போகிறார். மே மாதம் சீசன் சூடுபிடிக்கும் நேரம். ஆலைக்காரர்களுக்கு அவர் யார் பக்கம் இருக்கிறார் என்பதைவிட, பை சொன்ன தேதிக்கு வருமா என்பதுதான் கவலை. அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவுப்படி பொதுவாக நீதிமன்றத்தில் நிற்பதில்லை. ஆனால் ரகசியம் காப்பது பற்றிய நிபந்தனை வேறு விஷயம். எந்த ஆலைக்கு என்ன விலை, யாருக்கு எத்தனை நாள் கடன் என்ற பட்டியல் பழைய கம்பெனியின் சொத்து. அதைப் போனில் படம் பிடித்து வைப்பதும், சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வதும் வேண்டாம். நோட்டீஸ் காலம் முடியும் வரை நீங்கள் இன்னும் அந்தக் கம்பெனி ஆள்தான். வாடிக்கையாளர்களை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தால், வெளியில் யாரிடமும் பேசும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

அப்புறம் மேலாளர், அதற்குப் பிறகு ஆலைகள்

ராஜினாமா செய்தி மேலாளருக்கு உங்கள் வாயிலிருந்தே போக வேண்டும். ஆலைக்காரர் மூலமாகப் போனால் அந்த உறவு அன்றோடு முடிந்தது. அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: என் இடத்தில் யார் வருகிறார், வாடிக்கையாளர்களிடம் நான் எப்போது சொல்லலாம்? பதில் வந்ததும், புது ஆளைக் கூட்டிக்கொண்டு முக்கியமான ஆலைகளுக்கு நேரில் போய்வாருங்கள். நிலுவை ஆர்டர், மாற்றித் தர வேண்டிய பைகள், வர வேண்டிய பணம் மூன்றையும் ஆலைக்காரர் முன்னிலையிலேயே அவரிடம் ஒப்படையுங்கள். எந்த வேலையையும் விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன். சீசன் நடுவில் டிரம் வராமல் போனால், ஆலைக்காரர் நினைத்துத் திட்டப்போவது உங்களைத்தான்.

அங்கே ஒரு சிக்கல் வரும். "தம்பி, மே ஆர்டரை நீ போற இடத்துலயே போட்டுடறேன்" என்பார் பெரியவர். ஆசையாகத்தான் இருக்கும். "அண்ணா, இந்த மாசம் வரைக்கும் நான் இவங்க ஆளு. இந்த ஆர்டரை இவங்ககிட்டயே முடிச்சுக்குவோம்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் புது ஆளும் அதைக் கேட்பார். நீங்கள் போன பிறகு அலுவலகத்தில் உங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது அதை வைத்தே முடிவாகும்.

சேர்ந்த பிறகு அனுப்பும் செய்தி

புது வேலையில் சேர்ந்து ஒரு வாரம் கழித்து இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். ஏப்ரல் 30-ஓடு பழைய கம்பெனியிலிருந்து விலகி, இப்போது (புது கம்பெனி)யில் சேர்ந்திருக்கிறேன். அங்குள்ள உங்கள் ஆர்டர், பில், பாக்கி எல்லாவற்றையும் (பெயர், எண்) பார்த்துக்கொள்கிறார். இத்தனை நாள் நம்பிக்கையோடு வேலை கொடுத்ததற்கு நன்றி. என் எண் இதுதான்."

இதில் விலை இல்லை, கேட்டலாக் இல்லை, பழைய கம்பெனியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. "இனி எங்களிடம் வாங்குங்கள்" என்பதும் இல்லை. வாங்க நினைப்பவர் அவராகவே கூப்பிடுவார். தெலுங்கில் பேசிப் பழகியவருக்குத் தெலுங்கிலேயே அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். போட்டி ஆலைக்காரர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்டும் முழுசாக உதவாது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். கம்பெனி சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்த எண்ணிலிருந்து அனுப்பினால், பாதிப்பேர் கண்ணில்கூடப் படாமல் போகலாம். தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். பெரிய ஆலைகளுக்குப் போன்தான் சரி.

பழைய சகாக்கள்

கடைசி நாளுக்கு முன்பே நேரில் சொல்லி, சொந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு அவர்களில் ஒருவர் கூப்பிட்டு, "அந்த ஆலைக்கு எந்த அளவு பை போகும்?" என்று கேட்டால் சொல்லலாம், அது அவர்கள் தகவல்தான். நீங்கள் அவர்களிடம் இப்போதைய விலையைக் கேட்கக் கூடாது. புது முதலாளி கேட்கச் சொன்னாலும் மாட்டேன் என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.

லிங்க்ட்இன்னை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாற்றுங்கள். புது வேலையைச் சேர்க்கும்போது Notify network என்ற பொத்தானை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் இன்னும் கூப்பிடாத ஆலைக்காரருக்கு அந்தச் செய்தி முந்திப் போய்விடும்.