டெங்கு வீடுகள் எங்கே குவிந்திருக்கின்றன? இடை மையமும் நியம விலகல் நீள்வளையமும்

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குப் பதிவேடும் நீளும். வரைபடத்தில் புள்ளிகளை வைத்துவிட்டு "நல்லூர்ப் பக்கம்தான் கூட" என்று கண்மட்டத்தில் சொல்லலாம். ஆனால் போன மாதத்தை இந்த மாதத்தோடு ஒப்பிட அது போதாது. மையம் எங்கே, பரவல் எவ்வளவு, எந்தத் திசையில் என்று மூன்றுக்கும் எண் வேண்டும்.

இங்கே எடுத்திருப்பது பயிற்சிக்காக நானே வைத்த ஆறு வீடுகள். யாழ். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கிழக்கே எத்தனை மீற்றர், வடக்கே எத்தனை மீற்றர் என்று குறித்திருக்கிறேன்: (200, 500), (400, 100), (800, 1200), (1200, 600), (1600, 1400), (1800, 1600).

முதலில் மீற்றருக்கு மாற்றுங்கள்

கைபேசி தருவது அகலாங்கும் நெட்டாங்கும். அதிலேயே கணக்குப் போட்டால் பரவல் 0.007 பாகை என்று வரும். அதை வைத்து யாரும் புகை அடிக்கப் போக முடியாது. QGIS என்ற வரைபட மென்பொருளில் புள்ளி அடுக்கை `EPSG:32644`-க்கு மாற்றிச் சேமியுங்கள். UTM என்பது இடங்களை மீற்றரில் குறிக்கும் ஆள்கூற்று முறை; அதில் யாழ்ப்பாணம் விழும் வலயம் 44 வடக்கு அதுதான்.

இடை மையம்

கிழக்கு எண்களைக் கூட்டினால் 6000, ஆறால் வகுக்க 1000. வடக்கு எண்கள் 5400, வகுக்க 900. ஆக மையம் (1000, 900): கோபுரத்துக்கும் நல்லூருக்கும் இடையில். அவ்வளவுதான்.

நியமத் தூரம்

ஒவ்வொரு வீடும் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கித்துச் சராசரி எடுக்கிறோம். கிழக்கு-மேற்கில் 346,667, வடக்கு-தெற்கில் 286,667. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 796 மீற்றர். இது ஒரு வட்டத்தின் ஆரை. எல்லாத் திசைக்கும் ஒரே அளவு என்பதால் புள்ளிகள் நீண்டு கிடப்பதை இது காட்டாது. அதற்குத்தான் நீள்வளையம்.

நீள்வளையம்

புள்ளிகள் அதிகம் நீண்டு கிடக்கும் திசையில் ஒரு நியம விலகல், அதற்குச் செங்குத்தாக இன்னொன்று; இரண்டையும் அரை அச்சுகளாக வைத்து வரைவதே நீள்வளையம். கையால் செய்யலாம், ஆனால் கோணத்தில் குறி மாறிப்போகும். கணினியிடம் விடுவது நிம்மதி.

```python
import numpy as np
P = np.array([[200,500],[400,100],[800,1200],
              [1200,600],[1600,1400],[1800,1600]])
C = np.cov(P.T, bias=True)
w, v = np.linalg.eigh(C)
print(P.mean(axis=0), np.sqrt(C.trace()))
print(np.sqrt(w))
print(np.degrees(np.arctan2(v[0,1], v[1,1])) % 180)
```

நீண்ட அரை அச்சு 758 மீற்றர், குறுகியது 241. திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 48 பாகை, அதாவது கிட்டத்தட்ட வடகிழக்கு. நீளம் அகலத்தின் மூன்று மடங்கு என்பதால் இந்தத் திசையை நம்பலாம். இரண்டு அச்சும் ஏறக்குறைய சமமாக வந்தால் கோணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது; ஒரு வீடு கூடினாலே அது வேறெங்கோ திரும்பிவிடும்.

வேறு மென்பொருளில் அரை அச்சுகள் 1072, 341 என்று வந்தால் பதற வேண்டாம். சில மென்பொருள்கள் √2-ஆல் பெருக்கித் தருகின்றன. புள்ளிகள் மணி வடிவப் பரம்பலில் இருந்தால் பெருக்காத நீள்வளையத்துக்குள் சுமார் 39 வீதமும், பெருக்கியதற்குள் சுமார் 63 வீதமும் விழும். படத்தின் கீழே எது என்று எழுதாவிட்டால் இரண்டு மாதப் படங்களை ஒப்பிடவே முடியாது.

ஒரே ஒரு வீடு செய்யும் வேலை

இப்போது சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டைச் சேர்ப்போம்: (15000, 200). மையம் (3000, 800)-க்கு ஓடிவிடுகிறது. அதிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் ஒரு வீடுகூட இல்லை. நியமத் தூரம் 796-இலிருந்து 4960 மீற்றராகிறது, நீள்வளையமோ கிழக்கு மேற்காகப் படுத்துவிடுகிறது. விலகலை வர்க்கிப்பதால் வரும் வினை இது.

அந்தப் புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் கூடாது. முதலில் முகவரியைப் பாருங்கள். யாழ். நகரில் வாடகைக்கு இருப்பவர் வைத்தியசாலையில் ஊர் முகவரியைக் கொடுத்திருக்கலாம். உண்மையிலேயே சாவகச்சேரி நோயாளி என்றால், அது வேறு பரவல், தனியாகக் கணியுங்கள். கூடவே இடையத்தையும் எடுத்துப் பாருங்கள்: ஏழு வீட்டுக்கும் அது (1200, 600), நகரை விட்டு நகரவில்லை. இடையும் இடையமும் இவ்வளவு தள்ளி நின்றால் எங்கோ ஒரு புள்ளி இழுக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. வீட்டு இலக்கம் இல்லாத முகவரிகளை மென்பொருள் நகர மையத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்திவிடும். படத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும், கணக்கிலோ பத்தாக எண்ணப்படும். நீள்வளையம் பொய்யாகச் சுருங்கும். அட்டவணையை ஆள்கூற்றின்படி வரிசைப்படுத்தினால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

குருநகரில் ஒரு குவியல், கடலுக்கு அப்பால் மண்டைதீவில் இன்னொன்று என்றால் இடை மையம் கடனீரேரிக்குள்ளே விழக்கூடும். கணக்கில் பிழையில்லை, இரண்டு குவியலை ஒன்றாகப் போட்டதுதான் பிழை. பிரித்து இரண்டு நீள்வளையம் போடுங்கள்.